காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தால்: வாடகைப் பத்திரத்தையும் கோர்ட் காகிதத்தையும் வாசிக்கும் முறை

"இவ்வறிவிப்பு கிடைக்கப்பெற்ற 15 தினங்களுக்குள் தபசில் சொத்தின் காலி சுவாதீனத்தை எமது கட்சிக்காரர் வசம் ஒப்படைக்கத் தவறும் பட்சத்தில், தங்கள் மீது தக்க சட்ட நடவடிக்கை மேற்கொள்ளப்படும் என்பதையும், அதனால் ஏற்படும் செலவு, நஷ்டம் அனைத்திற்கும் தாங்களே பொறுப்பு என்பதையும் இதன்மூலம் அறியவும்."

இப்படி ஒரு வரியைப் படித்ததும் பலருக்கும் கை நடுங்கிவிடும். பதினாறாம் நாள் காலையில் போலீஸ் வந்து சாமானைத் தெருவில் எடுத்து வைத்துவிடும் என்று நினைத்து, அவசர அவசரமாக வேறு வீடு தேடுகிறவர்கள் உண்டு. நேர்மாறாக, "வக்கீல் நோட்டீஸ் எல்லாம் சும்மா மிரட்டல்" என்று மடித்து பீரோவில் வைத்துவிட்டு, கடைசியில் தங்களைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிட்டது என்று திகைப்பவர்களும் உண்டு. அந்த வரியில் எந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால் இரண்டு தவறையும் தவிர்க்கலாம்.

இந்தக் காகிதங்களில் பெரும்பாலான சொற்கள் வழக்கத்துக்காக எழுதப்படுபவை. "மனப்பூர்வமாகச் சம்மதித்து", "இதன்மூலம் அறியவும்" போன்றவற்றால் உங்களுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. மிச்சமுள்ள சில சொற்கள்தான் தேதியையோ பணத்தையோ உரிமையையோ ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றுகின்றன. அந்தச் சொற்களை ஒரே ஒரு உதாரணத்தை வைத்து, பத்திரத்தில் தொடங்கி கோர்ட் வரை பார்த்துவிடலாம்.

உதாரணம் இதுதான். நாகர்கோவில் வெட்டூர்ணிமடம் பக்கம் ஒரு வீடு. மாத வாடகை 8,000 ரூபாய், முன்பணம் 50,000. பத்திரம் 2024 ஜூன் 1 முதல் 11 மாதத்துக்கு, அதாவது 2025 ஏப்ரல் 30 வரை. கெடு முடிந்தபின் புதுப் பத்திரம் போடவில்லை. குடியிருப்பவர் அங்கேயே தொடர்கிறார், வீட்டுக்காரரும் வாடகையை வாங்கிக்கொண்டிருக்கிறார். இடையில் "இனி 9,500 தரணும்" என்று வாய்ப்பேச்சு, இவர் சம்மதிக்கவில்லை. ஓட்டுக்கூரை ஒழுகியதைச் சரிசெய்ய இவர் 3,200 ரூபாய் செலவழித்திருக்கிறார், வீட்டுக்காரர் அதைத் தர மறுத்துவிட்டார். ஆகஸ்ட் வாடகை 8,000-ஐ போன் வழியாக அனுப்பியிருக்கிறார். கூரைச் செலவு கிடைக்காத கோபத்தில் செப்டம்பர் வாடகையைக் கொடுக்கவில்லை. 2025 அக்டோபர் 13-ம் தேதி நோட்டீஸ் வருகிறது.

முதல் படி: இது யார் அனுப்பிய காகிதம்?

வாசிக்கத் தொடங்குமுன் மேலே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். வழக்கறிஞரின் பெயரும் அலுவலக முகவரியும் அச்சிட்ட தாளாக இருந்தால் அது வக்கீல் நோட்டீஸ், அதாவது "வழக்கறிஞர் அறிவிப்பு". அதில் வரும் "எமது கட்சிக்காரர்" என்பது அரசியல் கட்சி இல்லை, அந்த வக்கீலை அமர்த்திய ஆள், இங்கே வீட்டுக்காரர். இது ஒரு தரப்பு இன்னொரு தரப்புக்கு எழுதும் கடிதம்தான். இதை வைத்து உங்களை யாரும் வெளியேற்ற முடியாது. ஆனால் இது கையில் கிடைத்த நாளிலிருந்து சில கெடுக்கள் ஓடத் தொடங்கும், அதனால் ஓரமாகப் போட்டுவிடவும் முடியாது.

நீதிமன்றத்தின் பெயர், ஒரு வழக்கு எண், நீதிமன்ற முத்திரை, ஆஜராக வேண்டிய தேதி ஆகியவை இருந்தால் அது "அழைப்பாணை", நாம் பேச்சில் சம்மன் என்பது. வழக்கு போட்டாகிவிட்டது என்று அர்த்தம்.

"நிறைவேற்று மனு" என்று இருந்தால் தீர்ப்பே ஆகிவிட்டது, அதை அமல்படுத்தக் கேட்கிறார்கள். இந்த மூன்றாவது வகையைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது. அன்றே வக்கீலைப் பார்க்க வேண்டும்.

தபால் கவர்களை எறியாதீர்கள். என்றைக்குக் கிடைத்தது என்பதற்கு அந்த முத்திரை ஒரு சாட்சி. வாங்காமல் திருப்பி அனுப்பினால் தப்பித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் ரொம்ப நாளாக இருக்கிறது. சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் போனதை "வாங்க மறுப்பு" என்று தபால்காரர் எழுதித் திருப்பினால், சட்டம் அதைச் சார்வு ஆனதாகவே எடுத்துக்கொள்ளும். "சார்வு செய்தல்" என்றால் உரியவரிடம் கொண்டு சேர்த்தல். வாங்க மறுத்தவருக்கு நோட்டீசும் தெரியாது, கெடுவும் தெரியாது என்ற நிலைதான் மிஞ்சும்.

இரண்டாம் படி: பழைய பத்திரத்தை எடுங்கள்

நோட்டீசைப் புரிந்துகொள்ள வேண்டிய இடம் நோட்டீஸ் இல்லை, பத்திரம். முத்திரைத் தாளில் கையெழுத்து வாங்கும்போது "சும்மா ஒரு பேருக்குத்தான் மக்களே, நமக்குள்ள என்ன" என்று வீட்டுக்காரர் சொல்லியிருப்பார், நாமும் வாசிக்காமல் போட்டிருப்போம். இப்போது அதை முழுக்க வாசிக்க வேண்டும்.

முதல் பத்தியில் "1-வது நபர்", "2-வது நபர்" என்றோ, "எழுதிக் கொடுப்பவர்", "எழுதி வாங்குபவர்" என்றோ இருக்கும். யார் எந்த நபர் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் எண்களாக மட்டுமே வரும், மாறிப்போனால் பொறுப்பு முழுக்கத் தலைகீழாகிவிடும். "மேற்படி" என்றால் மேலே சொன்ன. அதையே "ஷை" என்று எழுதுவார்கள். "ஷை வீடு" என்றால் மேலே சொன்ன அந்த வீடு, அவ்வளவுதான்.

கடைசியில் "தபசில்" இருக்கும். சொத்து எது என்ற விவரம் அது: கிராமம், சர்வே எண், கதவு எண், எத்தனை சென்ட். அதிலேயே "செக்குபந்தி" என்று நான்கு பக்க எல்லைகள் வரும். வாடகைக்காரர் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மாடி மட்டும் வாடகைக்கு எடுத்தவரின் தபசிலில் முழு வீடும், அல்லது கிணறும் மோட்டாரும் இல்லாத வீடும் எழுதப்பட்டிருந்தால், பிறகு தண்ணீர் தகராறு வரும்போது உங்கள் பக்கம் எழுத்து இருக்காது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1956 நவம்பர் 1-க்கு முன் நாம் திருவிதாங்கூர் பகுதி. அதனால் வீட்டுக்காரரின் மூலப் பிரமாணம் மலையாளத்திலும் கொல்லம் ஆண்டிலும் இருக்கலாம். கொல்லம் 1120 என்று இருந்தால் அது 1944-45. அதைப் பார்த்து எழுதும்போது பழைய சர்வே எண் அப்படியே வந்துவிடுவது உண்டு. ஆகவே தபசிலை இப்போதைய வீட்டு வரி ரசீதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து "கெடு". எத்தனை மாதத்துக்குப் பத்திரம் என்பது. ஏன் எல்லோரும் 11 மாதம் என்று போடுகிறார்கள்? ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் 11. ஆனால் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ள 2017-ம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் தனி. நாகர்கோவில் மாநகராட்சி போன்ற நகர்ப்பகுதியில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடமும் பதிய வேண்டும் என்று அது சொல்கிறது. 11 மாதம் என்று போட்டதால் இதிலிருந்து விலக்கு கிடையாது. பதிவு www.tenancy.tn.gov.in வழியாக நடக்கிறது. பதிந்திருந்தால் பத்திரத்துக்கு ஒரு பதிவு எண் கிடைத்திருக்கும். உங்கள் பத்திரத்துக்கு அப்படி எண் இருக்கிறதா என்று பாருங்கள். இது பின்னால் முக்கியமாக வரும்.

"முன்பணம்" என்ற சொல்லின் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கவனியுங்கள். "வட்டியில்லா, திருப்பித் தரத்தக்க முன்பணம்" என்றால் காலி செய்யும்போது முழுத்தொகையும் உங்களுடையது, நியாயமான பாக்கிகள் மட்டும் கழியும். மேற்படி சட்டம் வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரவும் சொல்கிறது. நம் உதாரணத்தில் 8,000-க்கு மூன்று மடங்கு 24,000. 50,000 வாங்கியிருக்கிறார், ஆனால் இருவரும் பத்திரத்தில் ஒப்புக்கொண்டிருப்பதால் அதை வைத்து மட்டும் சண்டை போட முடியாது. இன்னொன்று: "பாக்கியை அட்வான்சில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு வாடகையை நிறுத்துவது ஆபத்து. பத்திரத்தில் அப்படி எழுதியிருந்தாலொழிய, முன்பணம் கையில் இருந்தாலும் வாடகை கொடுக்காதது பாக்கியே.

"உள்வாடகை" என்றால் நீங்கள் எடுத்த வீட்டை நீங்கள் இன்னொருவருக்கு வாடகைக்கு விடுவது. "பராதீனம்" என்றால் உரிமையை வேறொருவருக்கு மாற்றிக்கொடுப்பது. இரண்டும் கூடாது என்றுதான் எல்லாப் பத்திரமும் சொல்லும். எழுத்தில் அனுமதி வாங்காமல் செய்தால் காலி செய்யச் சொல்ல அதுவே ஒரு காரணம்.

அப்புறம் "மராமத்து". பழுதுபார்த்தல் என்று அர்த்தம். ஜூனிலும் ஐப்பசியிலும் மழை கொட்டும் ஊரில் அதிகச் சண்டை இதில்தான். பத்திரத்தில் "சில்லறை மராமத்துகளை 2-வது நபர் செய்துகொள்ள வேண்டும்" என்றிருக்கும், சில்லறை எதுவரை என்று இருக்காது. சட்டத்தின் இரண்டாவது அட்டவணை இதைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. கட்டடத்தின் அமைப்பைச் சேர்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவது, குழாய் மாற்றுவது, வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. வாடகைக்காரர் கெடுத்ததாக இருந்தால் மட்டும் அது மாறும். குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்ச், பிளக், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, தோட்டப் பராமரிப்பு போன்றவை வாடகைக்காரர் பொறுப்பு. ஆகவே நம் உதாரணத்தில் கூரை ஒழுகல் வீட்டுக்காரர் தலையில்தான் விழும்.

ஒற்றி என்று எழுதியிருந்தால்

இது நம் உதாரணத்தில் இல்லை. ஆனாலும் மாவட்டம் முழுக்க நடப்பதால் சொல்லாமல் போக முடியாது. மாத வாடகை கிடையாது, மூன்று நான்கு லட்சம் மொத்தமாகக் கொடுத்து வீட்டில் இருந்துகொள்வது, போகும்போது அதே தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. சிலர் இதை லீஸ் என்கிறார்கள், நாம் ஒற்றி என்கிறோம். சட்டத்தின் கண்ணில் ஒற்றி என்பது வாடகை அல்ல, அடமானம். வீட்டுக்காரர் கடன் வாங்கியவர், நீங்கள் கடன் கொடுத்தவர், வட்டிக்குப் பதில் வீட்டை அனுபவிக்கிறீர்கள். "சுவாதீன அடமானம்" என்று பத்திரத்தில் வருவது இதுதான்.

நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள இப்படிப்பட்ட அடமானம் பதிவு செய்த பத்திரத்தால்தான் செல்லும். மூன்று லட்சத்தைக் கொடுத்துவிட்டு முத்திரைத் தாளில் இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு முடித்துக்கொண்டால், உங்களுக்கு அந்த வீட்டின் மேல் அடமான உரிமை உண்டாகாது. வீட்டுக்காரரிடம் வரவேண்டிய கடன் மட்டும்தான் இருக்கும். அந்த வீட்டை அவர் வங்கியில் அடகு வைத்தாலோ விற்றாலோ உங்கள் பெயர் வில்லங்கச் சான்றில் இருக்காது, வாங்குகிறவருக்கும் தெரியாது. "வில்லங்கம்" என்றால் அந்தச் சொத்தின் மேல் வேறு யாருக்கும் உள்ள உரிமை அல்லது கடன். ஒற்றிக்குப் பணம் கொடுக்குமுன் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியுங்கள், பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள். பதிவுச் செலவை மிச்சம் பிடித்து லட்சங்களை இழந்த குடும்பங்களின் நிலைமை மிகக் கொடுமை.

மூன்றாம் படி: நோட்டீசின் கெடுக்களைக் கணக்கிடுங்கள்

இனி நம் உதாரணத்தின் நோட்டீசுக்கு வருவோம். அதில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

"தாங்கள் ஷை வீட்டில் மாத வாடகை ரூ.9,500 வீதம் குடியிருந்து வருகிறீர்கள். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களின் வாடகை ரூ.19,000 நிலுவையில் உள்ளது. ஒப்பந்தக் கெடு காலாவதியாகிவிட்டது. தங்கள் வாடகை உரிமை இதன்மூலம் முடிவுக்குக் கொண்டுவரப்படுகிறது. 15 தினங்களுக்குள் நிலுவையைச் செலுத்தி, காலி சுவாதீனத்தை ஒப்படைக்கவும்."

"சுவாதீனம்" என்றால் ஒரு சொத்து ஒருவர் கைவசம் இருப்பது. யாருடைய சொத்து என்பது வேறு, யார் சுவாதீனத்தில் இருக்கிறது என்பது வேறு. "காலி சுவாதீனம்" என்றால் ஆளும் சாமானும் இல்லாமல் வெறும் வீடாக ஒப்படைப்பது.

"வாடகை உரிமை முடிவுக்குக் கொண்டுவரப்படுகிறது" என்பதுதான் இந்த நோட்டீசின் உயிர்வரி. கெடு முடிந்தபின்னும் வீட்டுக்காரர் வாடகை வாங்கிக்கொண்டிருந்ததால், நம் ஆள் மாதா மாதம் தொடரும் வாடகைக்காரர் ஆகியிருக்கிறார். அதை முடிக்க 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 106-வது பிரிவின்படி 15 நாள் அறிவிப்பு வேண்டும். அந்த 15 நாள் நோட்டீஸ் எழுதிய தேதியிலிருந்து இல்லை, உங்கள் கையில் கிடைத்த நாளிலிருந்து. அக்டோபர் 13-ல் கிடைத்தது; 14-ம் தேதி முதல் நாள்; 28-ம் தேதி பதினைந்தாவது நாள்.

சிலர் "நோட்டீசில் 10 நாள்தான் கொடுத்திருக்கிறார்கள், அதனால் செல்லாது" என்று நிம்மதியாக இருப்பார்கள். 2002-ல் சட்டத்தைத் திருத்தியபின் அந்த வாதம் நிற்பதில்லை. நோட்டீசில் நாள் குறைவாக இருந்தாலும், 15 நாள் கழிந்தபிறகு வழக்குப் போட்டிருந்தால் போதும்.

சரி, அக்டோபர் 29 அன்று என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. நகர்ப்பகுதியில் வீட்டுக்காரர் வாடகை நீதிமன்றத்துக்குப் போய், சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றைக் காட்டி உத்தரவு வாங்க வேண்டும். அதுவரை பூட்டை மாற்றுவதோ, கரண்டை வெட்டுவதோ, மோட்டாரை நிறுத்துவதோ கூடாது. அப்படிச் செய்தால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம்.

"நிலுவை" அல்லது "பாக்கி" என்ற சொல்லுக்குத் தனிக் கெடு. இரண்டு மாத வாடகை பாக்கி இருந்து, கேட்டு நோட்டீஸ் கொடுத்த ஒரு மாதத்துக்குள்ளும் கொடுக்காவிட்டால், அது வெளியேற்றக் காரணம். நம் ஆள் உண்மையில் எத்தனை மாதம் பாக்கி? பத்திரத்தில் "அந்தந்த மாத வாடகையை அடுத்த மாதம் 5-ம் தேதிக்குள்" என்று இருக்கிறது. ஆகஸ்ட் கொடுத்தாயிற்று, போனில் பதிவு இருக்கிறது. செப்டம்பர் வாடகை அக்டோபர் 5-க்குள் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அக்டோபர் வாடகைக்கு நவம்பர் 5 வரை நேரம் உண்டு. ஆக பாக்கி ஒரு மாதம், 8,000 ரூபாய். 9,500 என்பதற்கு எழுத்து எதுவும் இல்லை.

இங்கேதான் பலர் வீம்பில் தோற்கிறார்கள். "கூரைக்குச் செலவழித்த காசைத் தந்தால் வாடகை தருகிறேன்" என்று நவம்பர் 5-ஐயும் தாண்டிவிட்டால் இரண்டு மாத பாக்கி ஆகிவிடும். 3,200 ரூபாய்க்காக வீட்டைப் பணயம் வைக்க வேண்டாம். செப்டம்பர் 8,000-ஐ உடனே வங்கி வழியாக அனுப்பிவிடுங்கள். வாங்க மறுத்தால் மணியார்டர் செய்யுங்கள். அதையும் தொடர்ந்து மறுத்தால் வாடகை அதிகாரியிடம் கட்ட வழி இருக்கிறது. நாகர்கோவிலிலும் பத்மநாபபுரத்திலும் கோட்டாட்சியர் அலுவலகங்கள் உண்டு. உங்கள் பகுதிக்கு வாடகை அதிகாரி யார் என்று அங்கே கேட்டுக்கொள்ளலாம்.

நான்காம் படி: பதில் நோட்டீஸ்

பதில் கொடுக்காமல் இருப்பது குற்றம் இல்லை. ஆனால் "உண்மை இல்லை என்றால் அன்றே ஏன் மறுக்கவில்லை?" என்ற கேள்வி கோர்ட்டில் வரும். பதிலில் மூன்று சொற்கள் இருந்தாக வேண்டும்.

ஒன்று "மறுக்கப்படுகிறது". பொதுவாக "எல்லாம் பொய்" என்று எழுதாமல், ஒவ்வொன்றாக மறுக்க வேண்டும். "மாத வாடகை ரூ.9,500 என்பது மறுக்கப்படுகிறது. ஒப்பந்தப்படி வாடகை ரூ.8,000. ஆகஸ்ட் மாத வாடகை நிலுவை என்பது மறுக்கப்படுகிறது. அத்தொகை தங்கள் கட்சிக்காரரின் கணக்கில் செலுத்தப்பட்டுள்ளது."

இரண்டு "ஒப்புக்கொள்ளப்படுகிறது". உண்மையை ஒப்புக்கொள்வதில் பயம் வேண்டாம். செப்டம்பர் வாடகை தாமதமானது உண்மை. அது இன்ன தேதியில் அனுப்பப்பட்டுவிட்டது என்று எழுதுங்கள். ஒன்றை மறைத்தவர் சொல்லும் மற்ற ஒன்பதையும் நீதிபதி சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

மூன்று "உரிமைக்குப் பாதகமின்றி". பணத்தைக் கட்டுகிறேன், ஆனால் கட்டியதாலேயே என் உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகாது என்று அர்த்தம். "மராமத்துச் செலவு ரூ.3,200 கோரும் எனது உரிமைக்குப் பாதகமின்றி செப்டம்பர் வாடகை செலுத்தப்படுகிறது" என்று ஒரு வரி எழுதிவிட்டால் இரண்டும் பத்திரமாக இருக்கும். கூரை வேலை செய்தவரின் பில்லையும், ஒழுகிய படத்தையும் இணைத்துவிடுங்கள்.

ஒரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியது என்பதையே 2017-ம் ஆண்டுச் சட்டம் வெளியேற்றக் காரணங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. நம் உதாரணத்தில் ஏப்ரலுக்குப் பிறகு புதுப் பத்திரமும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. வாடகைப் பாக்கி வாதத்தில் ஜெயித்தாலும் இந்த வழியாக வீட்டுக்காரர் வரலாம். அதனால் பதில் நோட்டீசிலேயே "புதிய ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யத் தயாராக உள்ளேன்" என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது. எப்படியும் போகத்தான் வேண்டும் என்றால், பிள்ளைகளின் பரீட்சை முடியும்வரை "கால அவகாசம்" கேட்டு, முன்பணம் திரும்ப வரும் தேதியோடு சேர்த்து எழுத்தில் முடித்துக்கொள்வது பல நேரம் வழக்கைவிட மேல்.

ஐந்தாம் படி: சம்மன் வந்தால்

சம்மனில் முதலில் பார்க்க வேண்டியது எந்த நீதிமன்றம் என்பது. நம் மாவட்டத்தில் நாகர்கோவில் தவிர பத்மநாபபுரம், குழித்துறை, இரணியல், பூதப்பாண்டி என்று பல இடங்களில் நீதிமன்றங்கள் இருக்கின்றன. மார்த்தாண்டத்து வீட்டு வழக்குக்கு நாகர்கோவிலில் போய் நின்று அந்த நாளை இழக்கக் கூடாது.

அடுத்து உங்களுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். "பிரதிவாதி" என்றால் இது உரிமையியல் வழக்கு; போட்டவர் "வாதி". உடன் வரும் தாள்கள் "வழக்குரை", பழைய பேச்சில் பிராது. "எதிர்மனுதாரர்" என்றால் இது மனு, போட்டவர் "மனுதாரர்". வாடகை நீதிமன்றத்துக்கு வீட்டைக் காலி செய்யக் கேட்டுப் போவது மனுவாகத்தான் இருக்கும். வாடகைப் பாக்கி பணத்துக்கு மட்டும் வழக்கு வந்தால் வாதி, பிரதிவாதி என்று வரலாம். "அசல் வழக்கு எண்" என்பது முதன்மை வழக்கின் எண். "இடைக்கால மனு" என்பது அந்த வழக்கு நடக்கும்போதே அவசரமாக ஒன்றைக் கேட்டுப் போடும் மனு.

"வழக்குமூலம்" என்று ஒரு பத்தி வரும். என்றைக்கு, எங்கே, என்ன நடந்ததால் இந்த வழக்கு என்பது. அந்தப் பத்தியின் தேதிகளை உங்கள் தாளில் எழுதி, உங்கள் ரசீதுகளோடு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். பொய்யோ தவறோ இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் தெரியும். கடைசியில் "பரிகாரம்" என்று வருவது அவர் கேட்கும் பட்டியல்: காலி சுவாதீனம், பாக்கி, வட்டி, வழக்குச் செலவு. "உறுத்துக்கட்டளை" என்று இருந்தால், ஒரு காரியத்தைச் செய்யக்கூடாது என்று தடுக்கும் உத்தரவு கேட்கிறார்கள்.

"எதிர்வழக்குரை" என்றால் நீங்கள் எழுத்தில் கொடுக்கும் பதில். உரிமையியல் வழக்கில் சம்மன் சார்வு ஆன 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். காரணம் சொன்னால் நீதிமன்றம் 90 நாள் வரை நீட்டலாம். 2026 ஜனவரி 19-ல் சம்மன் வாங்கினால் 30-வது நாள் பிப்ரவரி 18, 90-வது நாள் ஏப்ரல் 19. வாடகை நீதிமன்ற மனு என்றால் அந்த நோட்டீசில் அச்சிட்டுள்ள தேதியை மட்டும் கணக்கில் வையுங்கள். எதிர்வழக்குரையில் குறிப்பாக மறுக்காத எதையும் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள சட்டம் இடம் தருகிறது. நான்காம் படியில் ஒவ்வொன்றாக மறுக்கச் சொன்னதற்குக் காரணமும் இதுதான்.

"வக்காலத்து" என்பது வக்கீல் உங்களுக்காக ஆஜராக நீங்கள் கையெழுத்திட்டுத் தரும் அதிகாரம். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாமல், வழக்கு எண் எழுதியபின் போடுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால் நாகர்கோவிலில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம்.

"வாய்தா" என்றால் அடுத்த விசாரணைத் தேதி. வக்கீல் குமாஸ்தா சொல்வதை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. உங்கள் வழக்குக்கு 16 எழுத்தும் எண்ணும் கலந்த சி.என்.ஆர். எண் ஒன்று இருக்கும், TN என்று தொடங்கும். அதை services.ecourts.gov.in தளத்திலோ eCourts Services செயலியிலோ போட்டால் அடுத்த வாய்தா, கடைசி வாய்தாவில் நடந்தது இரண்டும் வரும்.

ஒருதரப்பாகத் தீர்ப்பு ஆகிவிட்டால்

சம்மனின் அடியில் "தவறும் பட்சத்தில் தாங்கள் இன்றியே வழக்கு விசாரித்து முடிவு செய்யப்படும்" என்று இருக்கும். அப்படி நடப்பதுதான் "ஒருதரப்பு" அல்லது "ஒருதலைப்பட்ச" உத்தரவு, பேச்சில் எக்ஸ்பார்ட்டி. இதில் இரண்டு கட்டம் உண்டு. வாய்தாவுக்குப் போகாததால் உங்களை ஒருதரப்பாக வைத்துவிட்டார்கள், தீர்ப்பு இன்னும் ஆகவில்லை என்றால், அடுத்த வாய்தாவுக்குள் தகுந்த காரணத்தோடு மனுப் போட்டு உள்ளே வந்துவிடலாம்.

தீர்ப்பே ஆகிவிட்டால், அதை "நீக்கறவு" செய்யக் கேட்டு, அதாவது ரத்து செய்யக் கேட்டு, தீர்ப்பாணைத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். சம்மன் உங்களுக்கு முறையாகச் சார்வு ஆகவே இல்லை என்றால், தீர்ப்பு உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து 30 நாள். "தீர்ப்புரை" என்பது நீதிபதி காரணங்களோடு எழுதுவது. "தீர்ப்பாணை" என்பது யார் யாருக்கு என்ன செய்ய வேண்டும் என்ற முடிவு மட்டும். அமல்படுத்துவது தீர்ப்பாணையை.

30 நாள் தாண்டிவிட்டால் "காலதாமதத்தை மன்னிக்கும் மனு" ஒன்றும் கூடவே போட வேண்டும். ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் நம்பும்படியான காரணம் கேட்பார்கள். ஆஸ்பத்திரியில் இருந்திருந்தால் அந்தச் சீட்டு, வெளிநாட்டில் இருந்திருந்தால் பாஸ்போர்ட் முத்திரை இதற்கு உதவும்.

நிறைவேற்று மனுவில் உத்தரவாகி, நீதிமன்ற ஊழியரான அமீனா வீட்டுக்கு வரும் கட்டத்தில் வாசலில் நின்று வாதாடிப் பயனில்லை. அவர் உத்தரவைச் செயல்படுத்துகிறவர், மாற்றக்கூடியவர் அல்ல. அவர் கையில் உள்ள வாரண்டில் வழக்கு எண், தபசில், தேதி மூன்றும் உங்கள் வீட்டுக்குரியதா என்று பார்த்து எழுதிக்கொண்டு, அதே நேரத்தில் ஒருவரை நீதிமன்றத்துக்கு அனுப்பி உங்கள் வக்கீல் மூலம் "தடையாணை" கேளுங்கள். தபசிலில் உள்ள கதவு எண் பக்கத்து வீட்டுடையதாக இருந்தால் அதை அமீனாவிடம் அங்கேயே காட்டி, அவருடைய அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.